கொழும்பில் கிரயக் கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் மாதிரி வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

நான் புறக்கோட்டையில் லொறி உரிமையாளர்கள் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் உங்கள் வகுப்புகளில் படித்த பிள்ளைகள் வேலைக்கு வரும்போது முதல் மாதம் என் பக்கத்தில்தான் உட்காருவார்கள். நிலையான செலவு எது, ஓட்டச் செலவு எது என்று அவர்களுக்கு நன்றாகவே பிரிக்கத் தெரிகிறது. அந்த அளவுக்கு நீங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு தொன் பாரத்தை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஆகும் செலவை, அதாவது தொன் கிலோமீற்றர் கிரயத்தைக் காண, லொறியின் மொத்தச் செலவை எதனால் வகுப்பது என்ற இடத்தில் அவர்கள் தடுமாறுகிறார்கள். அதற்கு நாம் கொடுக்கும் வினாக்களின் அமைப்பே பெரும்பாலும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வினாவை வைத்தே பேசுவோம். தொகைகள் நான் வைத்தவை. தூரங்களை உண்மைக்கு அருகில் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

லொறி ஒன்று கொழும்பிலிருந்து 10 தொன் ஏற்றிக்கொண்டு 100 கிலோமீற்றர் ஓடிக் குருநாகலுக்குப் போகிறது. அங்கே 6 தொன்னை இறக்கிவிட்டு, மீதி 4 தொன்னுடன் இன்னும் 50 கிலோமீற்றர் ஓடித் தம்புள்ளைக்குப் போகிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் 6 தொன் மரக்கறி ஏற்றிக்கொண்டு 150 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்குத் திரும்புகிறது. மாதம் 12 நடை.

மாதத்துக்கான நிலையான செலவு இப்படி: பெறுமானத் தேய்வு 80,000 ரூபா, காப்புறுதியும் வருமான அனுமதிப் பத்திரமும் 17,000, சாரதி சம்பளம் 75,000, உதவியாளர் சம்பளம் 50,000, லொறி நிறுத்தும் இடத்து வாடகை 18,000. கூட்டினால் 240,000 ரூபா.

ஓட்டச் செலவு: டீசல் லீற்றர் 300 ரூபா, லீற்றருக்கு 4 கிலோமீற்றர் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 75 ரூபா. ரயர், ஒயில், சேர்விஸ், திருத்த வேலை எல்லாம் சேர்ந்து இன்னொரு 25 ரூபா. ஆக, கிலோமீற்றருக்கு 100 ரூபா. ஒரு நடை 300 கிலோமீற்றர் என்பதால் 30,000 ரூபா. அதோடு நடைக்கு 2,500 ரூபா சாப்பாட்டுப் படி. 12 நடைக்கு மொத்தம் 390,000 ரூபா. நிலையானதையும் சேர்த்தால் மாதச் செலவு 630,000 ரூபா.

சரி, இதை எதனால் வகுப்பது? முழுமையான முறையில் ஒவ்வொரு துண்டுப் பாதையிலும் ஏற்றிய எடையை அந்தத் துண்டின் தூரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 10ஐ 100ஆலும், 4ஐ 50ஆலும், 6ஐ 150ஆலும் பெருக்கினால் 1,000, 200, 900. நடைக்கு 2,100 தொன் கிலோமீற்றர், மாதத்துக்கு 25,200. விடை தொன் கிலோமீற்றருக்கு 25 ரூபா.

வணிக முறையில் மூன்று எடைகளின் எளிய சராசரியை எடுத்து மொத்தத் தூரத்தால் பெருக்குகிறோம். 10, 4, 6 ஆகியவற்றின் சராசரி 6.67 தொன். 300 கிலோமீற்றரால் பெருக்கினால் 2,000. விடை 26.25 ரூபா.

வித்தியாசம் சிறியதாகத் தெரிவதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நாமும் இரண்டு முறைகளையும் சொல்லிவிட்டு, வினாவில் எது கேட்டிருக்கிறதோ அதைச் செய் என்று நகர்ந்துவிடுகிறோம். இவை எப்போது ஒத்துப்போகும், எப்போது போகாது என்பதுதான் விளக்க வேண்டிய இடம். துண்டுப் பாதைகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தால், அல்லது எல்லாத் துண்டிலும் ஒரே எடை இருந்தால், இரண்டு முறையும் ஒரே விடையைத் தரும். தூரங்கள் மாறும்போது எளிய சராசரிக்கு அது தெரியாது. இதே வினாவில் குருநாகலுக்குப் பதிலாக முதல் 50 கிலோமீற்றரிலேயே 6 தொன்னை இறக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லொறி செய்த வேலை 500, 400, 900 என்று 1,800 தொன் கிலோமீற்றராகக் குறைந்துவிடுகிறது. வணிக முறையிலோ அது இன்னும் 2,000தான். பாரத்தை எவ்வளவு தூரம் சுமந்தோம் என்பதற்குத்தானே இந்த அலகு? அதையே காட்டாத முறையை முதன்மை விடையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. துண்டு துண்டாக எடை தெரியாதபோது வணிக முறை உதவும். எடையையும் தூரத்தையும் வினாவிலேயே கொடுத்துவிட்டுச் சராசரி எடுக்கச் சொல்வதில் ஒரு தேவையும் இல்லை.

லொறி வெறுமையாகத் திரும்பும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. தம்புள்ளையில் லோட் கிடைக்கவில்லை. வெறும் லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், திரும்பும் 150 கிலோமீற்றரில் நடைக்கு 2,250 ரூபா டீசல் மிச்சம். மாதச் செலவு 603,000 ஆகக் குறைகிறது. ஆனால் செய்த வேலை நடைக்கு 1,200 தொன் கிலோமீற்றர்தான். மாதத்துக்கு 14,400. விடை 41.88 ரூபா.

இங்கே பிள்ளைகள் செய்யும் பிழையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடை இல்லாத துண்டைச் சராசரியில் சேர்க்காமல், 10க்கும் 4க்கும் சராசரி 7 என்று எடுத்து, அதை மொத்தம் 300 கிலோமீற்றரால் பெருக்கிவிடுகிறார்கள். நடைக்கு 2,100 தொன் கிலோமீற்றர் வருகிறது. விடை 23.93 ரூபா. அதாவது மரக்கறி ஏற்றித் திரும்பியபோது 25 ரூபாவாக இருந்த கிரயம், வெறுமையாகத் திரும்பியதும் குறைந்துவிட்டது! இந்த விடையைப் பார்த்ததும் கைநிறுத்தி யோசிக்க வேண்டும். பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை: வெறும் ஓட்டம் கூடினால் தொன் கிலோமீற்றர் கிரயம் ஏறத்தான் வேண்டும். பூச்சியத்தைச் சேர்த்து வணிக முறையில் சரியாகச் செய்தால்கூட 35.89தான் வருகிறது. உண்மையைவிட ஆறு ரூபா குறைவு. இந்த விலையை நம்பி வாடகை பேசும் உரிமையாளர் மாதம் முடியும்போது கையைக் கடிக்கக் காண்பார்.

அடுத்தது, விடையைக் கண்டபிறகு அதை வைத்து என்ன செய்வது என்பது. பெரும்பாலான வினாக்கள் தொன் கிலோமீற்றர் கிரயத்தைக் கேட்டதோடு நின்றுவிடுகின்றன. 25 ரூபாவுக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: ஓட்டச் செலவு 15.48, நிலையான செலவு 9.52. மழையாலோ கராஜில் நின்றதாலோ நடை 8 ஆகக் குறைந்தால் ஓட்டப் பகுதி அசையாது. நிலையான பகுதி 14.29 ஆகி, மொத்தம் 29.76க்கு ஏறும். இதைப் பிள்ளைகள் கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் 25 என்ற எண் அந்த மாதத்து 12 நடைக்கு மட்டும் உரியது என்பது புரியும்.

அது புரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருக்கும் அதே லொறிக்குத் தம்புள்ளை வியாபாரி ஒருவர் 6 தொன்னுக்கு 12,000 ரூபா தருவதாகச் சொல்கிறார். ஏற்று கூலி, இறக்கு கூலி அவருடையது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை 900 தொன் கிலோமீற்றரை 25ஆல் பெருக்கி, செலவு 22,500, ஆகவே 10,500 ரூபா நட்டம், வேண்டாம் என்பார். உண்மையில் லொறி எப்படியும் கொழும்புக்கு வரத்தான் போகிறது. கூடுவது அந்த 2,250 ரூபா டீசல் மட்டுமே. கையில் நிற்பது 9,750 ரூபா. 12 நடைக்கு 117,000. நிலையான செலவில் ஏறத்தாழப் பாதி அதிலேயே அடைபடுகிறது.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. லோட்டுக்காகத் தம்புள்ளையில் காத்துக் கிடந்தால் நடைகள் குறையும். போகும் லோட்டுக்கு 60,000 ரூபா வாடகை என்று வைப்போம். வெறுமையாகத் திரும்பும் நடையின் ஓட்டச் செலவு 30,250. மிஞ்சுவது 29,750. 12 நடைக்கு 357,000. திரும்பும் லோட்டோடு ஒரு நடைக்கு 39,500 மிஞ்சும். 10 நடை ஓடினால் 395,000, அப்போதும் நல்லதுதான். 9 ஆகக் குறைந்தால் 355,500. காத்திருந்ததால் வந்த பயன் அங்கே போய்விடுகிறது, மேலதிகப் படியைக் கணக்கில் எடுக்காமலே. எங்கள் கடைத்தெருவில் அனுபவமுள்ள உரிமையாளர்கள் இந்த எல்லையை மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவார்கள். உங்கள் மாணவர்களாலும் முடியும், வினாவில் கேட்டால்.

சிறிய விடயங்கள் இரண்டு. பெறுமானத் தேய்வு ஆண்டுக் கணக்கிலா, ஓடும் தூரத்தின்படியா என்பதை வினா சொல்ல வேண்டும். தூரத்தின்படி என்றால் அது ஓட்டச் செலவுக்குப் போகும். மற்றது லீசிங். தவணை முழுவதையும் செலவாக எழுதி, பெறுமானத் தேய்வையும் எழுதினால் லொறியின் விலை இரண்டு தடவை ஏறிவிடும். தேய்வை எழுதினால் தவணையில் வட்டிப் பகுதியை மட்டும் சேர்க்க வேண்டும். கொழும்பில் லீசிங் லொறிகள் ஏராளமாக ஓடும்போது, இதை ஒரு வினாவிலாவது வைக்காமல் இருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் குறை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். துண்டுவாரியாக எடை கொடுத்தால் முழுமையான முறையையே கேளுங்கள். வணிக முறையும் வேண்டுமென்றால், இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வரி எழுதச் சொல்லி அதற்கும் புள்ளி கொடுங்கள். வெறும் திரும்புப் பயணம் உள்ள வினா ஒன்று ஒவ்வொரு பயிற்சித் தொகுப்பிலும் இருக்கட்டும். கடைசிப் பகுதியாக, திரும்பும் லோட்டை ஏற்பதா விடுவதா என்று கேளுங்கள். மேலே உள்ள வினாவை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டீசல் விலையை மட்டும் அன்றைய விலைக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
புறக்கோட்டையில் லொறிக் கணக்கு எழுதும் ஒருவர்