பெயர்ப்பலகை விளக்கை அணைக்காமல் வைத்திருந்தவருக்கு

புதன்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலானோருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பஸ் மாறி ஏறி, தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கி, எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் நின்றேன். அதை முழுக்கத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன். தேடி அலைந்தவர்கள், போன் மேல் போன் போட்டவர்கள், தன் போனைக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ்ஸை விட்ட அந்தக் கல்லூரிப் பையன், குடையோடு பக்கத்தில் நின்ற அம்மா, எல்லாருக்கும் நன்றி. ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவருக்குத்தான். அவர் செய்ததன் அருமை புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய அரை மணி நேரம் நானும் தம்பியும் போனில் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

என்னுடையது பட்டன் போன். மேப் கிடையாது, இருக்கும் இடத்தை அனுப்புவதும் கிடையாது. தம்பியிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: "27-ல் ஏறினேன்டா, ஆறு நிறுத்தம் தாண்டி இறங்கிவிட்டேன்." இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போய்க் கால் மணி நேரம் வீணானது அதனால்தான்.

முதல் தப்பு, எண். "அக்கா, டிக்கெட் கையில் இருக்கா? எழுத்து எழுத்தாகப் படி" என்றான். நல்லவேளை, கசங்கிய டிக்கெட் பையில் கிடந்தது. அதில் இருந்தது 27 இல்லை, 27ஏ. இரண்டும் மணிக்கூண்டு வரை ஒரே வழி, அப்புறம் ஏ இடதுபுறம் பிரிந்துவிடும். இருட்டில் பெரிய எண் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

இரண்டாவது தப்பு, எண்ணிக்கை. பஸ் ஆறு தடவை நின்றதைத்தான் நான் எண்ணியிருந்தேன். இறங்க ஆளில்லை, ஏற ஆளில்லை என்றால் ராத்திரியில் பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்பதில்லையே! நான் ஆறு என்றது உண்மையில் ஒன்பதாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். தம்பி எண்ணிக்கையை அதோடு விட்டுவிட்டான். "கடைசியாக உனக்கு நிச்சயமாகத் தெரிந்த நிறுத்தம் எது?" என்று கேட்டான். மணிக்கூண்டு. "அதற்கப்புறம் என்ன வந்தது?" பஸ் இடதுபக்கம் திரும்பியது, ஒரு பாலம் ஏறி இறங்கியது. சரி, பாலத்துக்கு அப்பால் இருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

நான் நின்ற நிறுத்தத்தின் பெயர்ப்பலகை மேல் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டால் "தியேட்டர் ஸ்டாப்" என்றார்கள். தியேட்டரைக் காணோம். அதை இடித்துப் பல வருஷமாகிவிட்டதாம், பெயர் மட்டும் ஊர்வாயில் தங்கிவிட்டது. தம்பிக்கோ அந்தப் பெயர் தெரியாது. அவன் கெட்டிக்காரன், "இதை விடு, இதற்கு முந்தின நிறுத்தமும் அடுத்த நிறுத்தமும் எதுவென்று கேள்" என்றான். முந்தினது தண்ணீர்த் தொட்டி, அடுத்தது பழைய தபால் நிலையம். அவை இரண்டும் அவனுக்குத் தெரியும். இடையில் இருப்பது இது ஒன்றுதான்.

அப்புறம் எந்தப் பக்கம் என்ற கேள்வி. நடுவில் சுவர் வைத்த சாலை. எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான், ஆனால் அது கொஞ்சம் தள்ளி இருந்தது. "உன் பக்கம் நிற்கிற பஸ் மணிக்கூண்டுக்குப் போகிறதா, அங்கிருந்து வருகிறதா?" என்று கேட்டான். இடது, வலது என்று நான் சொன்னால் அவன் நம்பவே மாட்டான். நான் திரும்பி நின்றால் இரண்டும் மாறிவிடும் என்பது அவன் வாதம்.

கடைசியாகக் கடை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த செல்போன் கடைப் பெயரைச் சொன்னேன். "அந்தப் பெயரில் இந்த ரூட்டிலேயே மூன்று கடை இருக்கு அக்கா, சின்னக் கடையாகச் சொல்" என்றான். அப்போதுதான் அதை ஒட்டி இருந்த கடிகாரக் கடையைப் பார்த்தேன். கையால் எழுதிய சின்னப் பலகை, மேலே ஒற்றை ட்யூப் லைட். பெயருக்கு முன்னால் இனிஷியல். போனில் பி, டி, வி எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. "பிள்ளைக்கு வரும் பி-யா, டிக்கெட்டுக்கு வரும் டி-யா?" என்று கேட்டு, அவனே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "அங்கேயே நில். லைன் போனாலும் நகராதே. அந்தப் போர்டைப் பார்த்துத்தான் வருவேன்." சொல்லி முடித்ததும் என் போன் அணைந்தது.

திரும்பிப் பார்க்கிறேன், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். செல்போன் கடை ஏற்கெனவே இருட்டு. ஷட்டர் இறங்கி அந்த ட்யூப் லைட்டும் அணைந்தால், நான் தம்பிக்குச் சொன்ன அடையாளம் எதுவுமே தெருவில் மிச்சமிருக்காது! வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே கேட்டார்: "எந்தக் கடைப் பெயரம்மா சொன்னீங்க?"

"உங்க கடையைத்தாங்க."

கையில் பூட்டோடு கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு துணி எடுத்து வந்து, ஸ்டூல் மேல் ஏறி, பெயர் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். ட்யூப் லைட்டையும் பலகைப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டார். பிறகு அதே ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை, எங்கே போகணும், ஏன் தனியாக என்று எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு தடவை மட்டும் யாரையோ கூப்பிட்டு, "வரத் தாமதமாகும், சாப்பிட்டுப் படுங்க" என்றார். ஏறக்குறைய 40 நிமிஷம். பூட்டு மடியிலேயே இருந்தது.

தம்பி வந்தவன் பலகையைத்தான் முதலில் படித்தான், என்னை அப்புறம்தான் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்ததால் நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அதனால்தான் இந்த மடல். கடைப் பெயரை இங்கே போடவில்லை, அவர் அதை விரும்புகிற ஆளாகத் தெரியவில்லை.

வண்டி கிளம்பி நூறு அடி போயிருக்காது, பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது, எந்த இடத்தில் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவின் கைக்கடிகாரம் பீரோவில் ரொம்ப நாளாக ஓடாமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். 27ஏ. எழுத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன்.