நாலு அடி முகத்துக்கு முந்நூறு பிக்சல்

மாசி மகத்துக்குப் பேனர் வைக்கும் கடலூர் விழாக் குழு அண்ணன்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் பேனர் டிசைன் செய்பவன் எழுதுகிறேன். தேவனாம்பட்டினம் போகும் வழியில் போன வருடம் நீங்கள் வைத்த வரவேற்புப் பேனர்களில் சில நான் செய்தவை. அதில் ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது.

மறைந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் படத்தைப் பெரிதாக வைக்கச் சொல்லி, முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பேனர் 12க்கு 8 அடி. முகம் மட்டும் நாலு அடி உயரம் வேண்டும் என்றார்கள். நானும் இழுத்துப் பெரிதாக்கி அடிக்க அனுப்பிவிட்டேன். காலையில் கட்டியபோது கன்னத்திலும் நெற்றியிலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவருடைய மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களுக்கு விளக்கத்தான் இந்த மடல்.

அந்தப் படத்தில் முகத்தின் உயரம் 300 பிக்சல்தான். அதை 48 அங்குலத்துக்கு விரித்தால் ஒரு அங்குலத்துக்கு ஆறு பிக்சல் வரும். அதாவது ஒவ்வொரு பிக்சலும் ஃபிளெக்ஸில் 4 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கும் சுமார் 45 அடி தள்ளி நின்றால் 4 மில்லிமீட்டர் புள்ளி தனியாகத் தெரியாது. அதனால் பிக்சல் மட்டும் பிரச்சினை என்றால், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்குப் படம் சுமாராகவாவது தெரிந்திருக்கும்.

கெடுத்தது வேறு. வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ ஜேபெக் படம். அது சேமிக்கப்படும்போது எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கப்படுகிறது. பல கை மாறி, ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கப்பட்டு வந்த படத்தில் அந்தச் சதுரங்களின் ஓரம் தடித்துவிடும். எட்டு பிக்சல் என்றால் பேனரில் 32 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட தீப்பெட்டி அகலம். அது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றாலும் கண்ணில் படும்.

நான் செய்த தப்பும் அங்கேதான். முதலில் பெரிதாக்கிவிட்டு அப்புறம் ஷார்ப் செய்தேன். அதனால் கட்டத்தின் ஓரங்களும் கூர்மையாகிவிட்டன. இப்போது படம் சின்னதாக இருக்கும்போதே போட்டோஷாப்பில் Reduce Noise போய் Remove JPEG Artifact தேர்ந்தெடுத்துச் சதுரங்களை மழுக்குகிறேன். பிறகுதான் Image Size. அதில் Resample டிக்கை எடுத்துவிட்டு அகலம், உயரத்தைக் கொடுத்தால் உண்மையில் எவ்வளவு ரெசல்யூஷன், அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், இருக்கிறது என்று தெரியும். சிலர் அந்த எண்ணை மட்டும் 300 ஆக்கி அனுப்புகிறார்கள். அதனால் படத்தில் புதிதாக ஒரு விவரமும் வராது. இந்த அளவு பேனருக்கு அங்குலத்துக்கு 30 பிக்சல் வைத்துக்கொண்டு Preserve Details 2.0-இல் ஒரே தடவையில் பெரிதாக்கி, மேலே நாய்ஸ் என்கிற மெல்லிய பொடிப் புள்ளிகளைத் தூவுகிறேன். தூவாவிட்டால் தோல் மெழுகு பூசினது போல இருக்கும். ஷார்ப் கடைசியில், அதுவும் கண், மீசை பக்கம் மட்டும். எழுத்தை எப்போதும் புதிதாக டைப் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டராகவே வைத்துவிடுவேன்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. என் மானிட்டரில் அங்குலத்துக்கு 96 பிக்சல். அதனால் 30 பிக்சல் ஃபைலை 320 சதவீதத்தில் திறந்தால், ஃபிளெக்ஸில் வரப்போகும் அதே அளவில் முகத்தின் ஒரு துண்டு தெரியும். பதினைந்து அடி தள்ளி நின்று பார்த்தால் போதும். அன்று ராத்திரி அதைச் செய்திருந்தால் மகனுக்கு முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

ஆனால் இவ்வளவு செய்தாலும் கட்டம் மறையுமே தவிர, போன கண்ணிமை திரும்பி வராது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பெரியவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வீட்டு ஆல்பத்தில் இருந்ததாம். அந்த அச்சில் முகம் மூன்று சென்டிமீட்டர் இருந்தாலும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 700 பிக்சல் கிடைக்கும், வாட்ஸ்அப்பில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கட்டமும் இருக்காது. அச்சே இல்லை என்றால், போட்டோ எடுத்தவர் போனிலிருந்தே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் சுருங்காது. அதுவும் இல்லை என்றால் முகத்தை இரண்டு அடியாகக் குறைக்கச் சம்மதியுங்கள். கட்டத்தின் அளவு பாதியாகிவிடும், மீதி இடத்தில் பேரைப் பெரிதாகப் போடலாம்.

இந்த மாசி மகத்துக்கு அந்தப் பெரியவர் படத்தை மறுபடி வைப்பதாகச் சொன்னீர்கள். பத்து நாள் முன்னாடியே அந்த ஆல்பத்தோடு வாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்கேன் செய்து அச்சைக் கையில் கொடுத்துவிடுகிறேன். முகம் மட்டும் ஒரு அடி அகலத்துக்கு மாதிரி அடித்துக் காட்டுகிறேன், அதற்குக் காசு வேண்டாம். அவருடைய மகனையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டிசைனர்