கார் நிறுத்தம், கூடுதல் வசதி என்ற பெயரில் கேட்கும் விலை உயர்வுக்குக் கட்டுநரிடம் கணக்கு கேட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
வீட்டு ஒதுக்கீடு பெற்றவர், இரண்டாம் தளம், பி பிளாக்
(பெயர், முகவரி, திட்டப் பதிவு எண், கட்டுநர் விவரம் ஆகியவை தனித் தாளில்)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்,
சென்னை.

பொருள்: ஒப்பந்த விலைக்கு மேல் ரூ.5,01,500 கேட்கும் கட்டுநரின் கடிதத்துக்கு ஆதாரம் கேட்டு உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

48 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை 2023 பிப்ரவரியில் முன்பதிவு செய்தேன். ஏப்ரலில் ஒப்பந்தம் பதிவானது. மொத்த விலை ரூ.58,40,000. அதில் பொதுப் பகுதிகளின் பங்கும் ஒரு மூடிய கார் நிறுத்தமும் அடக்கம் என்று ஒப்பந்த அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. வேலை எந்தக் கட்டத்துக்கு வந்ததோ அதற்குரிய தவணையைத் தாமதமில்லாமல் கட்டி வருகிறேன். இதுவரை 85 சதவீதம் கட்டியாகிவிட்டது, பெரும்பகுதி வங்கிக் கடன்.

கடந்த 4ஆம் தேதி கட்டுநரிடமிருந்து ‘விலை திருத்தம்’ என்று ஒரு கடிதம் வந்தது. கூடுதல் வசதிகளுக்கு ரூ.2,25,000, கார் நிறுத்தத்துக்கு ரூ.2,00,000, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.76,500. ஆக மொத்தம் ரூ.5,01,500. 15 நாளில் கட்டாவிட்டால் வட்டி, அப்புறம் ஒதுக்கீடு ரத்து என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள். கடிதத்தோடு வேறு எந்தத் தாளும் இல்லை.

முதலில் கார் நிறுத்தம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை தூண் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். கடிதத்தில் எனக்கென்று குறிப்பிட்டிருப்பது 14ஆம் எண் இடம். தூணில் மஞ்சள் பெயின்ட்டில் அந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தோடு இணைத்த தூண் தள வரைபடத்தில் என் வீட்டு எண்ணுக்கு நேரே இருப்பதும் இதே 14தான். இரண்டாவது இடம் எதுவும் நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. ஒரு முறை விலையில் சேர்த்து விற்ற இடத்துக்கே மறுபடியும் விலை கேட்கிறார்கள். தூண் தளக் கார் நிறுத்தத்தைத் தனிப் பொருளாகக் கட்டுநர் விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமே போதும்.

கூடுதல் வசதிகள் என்ற இனம்தான் எனக்கு அதிகச் சந்தேகம் தருகிறது. கிளப் ஹவுஸ், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகள் விளையாட்டு இடம் என்று கடிதம் மூன்றைச் சொல்கிறது. மூன்றும் 2023இல் எங்களுக்குத் தந்த விளம்பரக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் படத்தோடு இருக்கின்றன. அப்படியானால் இதில் புதிதாகக் கூடியது எது? ரியல் எஸ்டேட் சட்டம், 2016இன் பிரிவு 2(என்) திட்டத்தில் காட்டிய சமூக வசதிகளையும் பொதுப் பகுதி என்றே சொல்கிறது. பொதுப் பகுதியின் பங்கு என் மொத்த விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

ரூ.2,25,000 எப்படி வந்தது என்று கடிதத்தில் இல்லை. நானே வகுத்துப் பார்த்தேன். என் வீட்டின் விற்பனைப் பரப்பு 1,125 சதுர அடி. அதற்குச் சரியாகச் சதுர அடிக்கு 200 ரூபாய் வருகிறது. பக்கத்து மூன்று படுக்கையறை வீடு 1,540 சதுர அடி, அவர்களிடம் கேட்டிருப்பது ரூ.3,08,000. அங்கும் அதே 200. உண்மையிலேயே ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூடுதல் செலவாகியிருந்தால், அந்தச் செலவின் மொத்தத் தொகை ஒன்று இருக்கும், ரசீது இருக்கும், அதை 48 வீடுகளுக்குப் பிரித்த கணக்கு இருக்கும். அப்படிப் பிரித்தால் வரும் தொகை ஒவ்வொரு பரப்புக்கும் இவ்வளவு முழு எண்ணாக, 200 என்று வந்து நிற்பது கடினம். பார்த்தால் சதுர அடி விலையையே 200 ரூபாய் ஏற்றிவிட்டு, அதற்கு வசதி என்று பெயர் வைத்தது போலத்தான் இருக்கிறது.

இந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நேரில் கேட்டபோது அலுவலகத்தில் இருந்தவர், “சிமென்ட், கம்பி எல்லாம் ஏறிப்போச்சு சார், எங்களுக்கும் கட்டுப்படியாகணும்ல” என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒப்பந்தத்தின் விலைப் பத்தி, அரசு அமைப்புகள் விதிக்கும் கட்டணம் உயர்ந்தால் மட்டுமே விலை கூடலாம் என்கிறது. அப்படிக் கூட்டும்போதும் அதற்கான அரசாணை அல்லது அறிவிப்பின் நகலைக் கேட்புக் கடிதத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது. பொருள் விலை உயர்வுக்கு அதில் இடமில்லை. இடமில்லாததால்தான் அது வேறு பெயரில் வந்திருக்கிறதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

கடிதத்தின் அடியில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணையும் கவனித்தேன். இதுவரை நான் தவணை கட்டிய கணக்கு வேறு, இது வேறு. வீடு வாங்குவோரிடம் வசூலாகும் தொகையில் 70 சதவீதத்தைத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட வேண்டும், பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்று இருந்தால்தான் வேலையின் அளவுக்கேற்ப அதிலிருந்து எடுக்கலாம் என்பது சட்டம். இது உண்மையிலேயே கட்டுமானச் செலவு என்றால், அந்தக் கணக்கைத் தவிர்த்து வேறொன்றில் கட்டச் சொல்வது ஏன்? ஜிஎஸ்டியும் அப்படித்தான். வீட்டின் தவணைக்கு 5 சதவீதம் வாங்கியவர்கள், அதே வீட்டோடு சேர்ந்த கார் நிறுத்தத்துக்கு எந்த அடிப்படையில் 18 சதவீதம் போட்டார்கள் என்று எழுதவில்லை.

தொகையே தர மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அரசுக் கட்டணம் எதுவும் உயர்ந்திருந்தால் ஆணை நகலைக் காட்டட்டும், என் பங்கைக் கட்டிவிடுகிறேன். அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத ஒரு வசதியைப் புதிதாகச் சேர்த்திருந்தால், பிரிவு 14இன்படி வாங்கியவர்களிடம் எழுத்தில் சம்மதம் பெற்ற தாளைக் காட்டட்டும். என்னிடம் யாரும் அப்படிக் கையெழுத்து வாங்கவில்லை. சாவி தாமதமாகுமோ என்ற பயத்தில் சில வீட்டுக்காரர்கள் நகைக்கடன் வாங்கிப் பாதித் தொகையைக் கட்டிவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, சட்டத்தின் பிரிவு 35இன்படி கட்டுநரிடம் விளக்கம் கேட்க வேண்டுகிறேன். கூடுதல் வசதி என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆன மொத்தச் செலவு, பட்டயக் கணக்காளர் சான்று, வீடுவாரியாகப் பிரித்த முறை, 14ஆம் எண் இடத்துக்கு இரண்டாம் முறை விலை கேட்ட காரணம், வேறு வங்கிக் கணக்கு தந்த காரணம் ஆகியவற்றை அவர் எழுத்தில் தர வேண்டும். அந்த விளக்கத்தின் நகல் எனக்கும் கிடைக்க வேண்டும். ஆணையம் முடிவு சொல்லும் வரை இந்தத் தொகைக்கு வட்டி போடவோ, ஒதுக்கீட்டை ரத்து செய்யவோ, இதைக் காரணம் காட்டிப் பத்திரப் பதிவையும் சாவியையும் நிறுத்தி வைக்கவோ கூடாது என்று பிரிவு 36இன் கீழ் இடைக்கால உத்தரவு வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஆதாரம் இல்லை என்று தெரிந்தால் கடிதத்தை ரத்து செய்து, ஏற்கெனவே கட்டியவர்களின் தொகையை அவர்களுடைய கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளவும் உத்தரவிட வேண்டும்.

கட்டுநர் தந்த 15 நாள் கெடு வரும் 19ஆம் தேதி முடிகிறது. அதற்கு முன் இடைக்கால உத்தரவு கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

இணைப்பு: பதிவான ஒப்பந்தம், தூண் தள வரைபடம், கையேட்டின் நான்காம் பக்கம், விலை திருத்தக் கடிதம், தவணை ரசீதுகள், 14ஆம் எண் தூணின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)