ஒரு நாள் வராததற்கு நாலு நாள் சம்பளமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் நிறுவன நிர்வாகத்துக்கும் ஹெச்.ஆர். பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுத் தொழிலாளர்கள் எழுதும் திறந்த மடல்.

ஐயா, அம்மா, வணக்கம்.

ஆள் எடுக்கும்போது "மாசம் பதினாலாயிரத்து ஐந்நூறு" என்று சொல்லித்தான் எடுக்கிறீர்கள். அதில் 13,000 ரூபாய்தான் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். மீதி 1,500 அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் அது முழுதாகப் போய்விடும் என்பது முதல் பே ஸ்லிப் கைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

கணக்கைச் சொல்கிறோம். 26 நாளும் வந்தவருக்கு மொத்தம் 14,500. பி.எஃப். 12 சதவீதம் 1,560, ஈ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 109. கைக்கு வருவது 12,831. ஒரு நாள் எல்.ஓ.பி. ஆனால் சம்பளம் 12,500, போனஸ் பூஜ்யம். பி.எஃப். 1,500, ஈ.எஸ்.ஐ. 94 போக மிஞ்சுவது 10,906. வித்தியாசம் 1,925 ரூபாய். முழு மாதம் வந்தவருக்கு ஒரு நாளைக்குக் கையில் சேருவது சுமார் 494 ரூபாய். அதாவது ஒரு நாள் வராததற்குக் கிட்டத்தட்ட நாலு நாள் கூலி போகிறது.

சம்பளத்தோடு கூடிய விடுப்பு எடுத்தாலும் கதை இதுதான். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட ஈ.எல். ஆனாலும் போனஸ் போய்விடும். நாள் கூலி பிடிக்காவிட்டாலும் கைக்கு வருவது 11,342, அதாவது 1,489 குறைவு. சட்டப்படி உழைத்துச் சேர்த்த விடுப்பை எடுக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

காய்ச்சல் வந்தால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். நோய்க்கால உதவித்தொகையில் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். அந்த நாட்களுக்குப் பொதுவாகப் பணம் வராது. ஒரு நாள் காய்ச்சலுக்கு அங்கேயும் ஒன்றும் இல்லை, இங்கேயும் இல்லை. அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு பிரஸ் மெஷின் முன்னால் வந்து நிற்கிறார்கள். லைன் இன்சார்ஜ்களுக்கு இது தெரியாததல்ல.

வராத நாளுக்கு அந்த நாள் வீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி உண்டு. ஆனால் நீங்கள் பிடிக்கவில்லை. வரவுப் பக்கத்தில் போனஸ் வரியில் பூஜ்யம் போடுகிறீர்கள், பிடித்தம் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இது ஊக்கத்தொகை, சம்பளமே அல்ல என்பது உங்கள் வாதம். சரி, அப்படியென்றால் ஆள் எடுக்கும்போது சொல்லும் தொகையிலும் அதைச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கே நஷ்டம். ஐந்தாம் தேதி ஒருவர் வராமல் போனால் அந்த மாத போனஸ் அன்றே முடிந்தது. அதற்குப் பிறகு அவர் இன்னொரு நாள் வராவிட்டால் கையில் குறைவது 436 ரூபாய் மட்டுமே. முதல் நாளுக்கு 1,925, இரண்டாம் நாளுக்கு 436! போனது போச்சு என்று ஊருக்குப் போனவர் இன்னும் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறார். ஆள் குறைகிறது என்று லைனில் ஓ.டி. போட்டு ஓட்டுகிறீர்கள். மாதக் கடைசியில் யார் அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள் என்று டைம் ஆபீஸ் பதிவேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஏற்கெனவே போனஸை இழந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போனஸை எடுத்துவிடச் சொல்லவில்லை. படிப்படியாக வையுங்கள். முழு வருகைக்கு 1,500, ஒரு நாள் குறைந்தால் 1,000, இரண்டு நாள் குறைந்தால் 500, மூன்றானால் இல்லை. இந்தக் கணக்கில் ஒரு நாள் எல்.ஓ.பி. ஆனவருக்கு 11,898 வரும், இரண்டு நாளானால் 10,966. ஒவ்வொரு நாளுக்கும் கைக்கு ஏறத்தாழ 930 ரூபாய் குறையும். அதுவும் வலிக்கத்தான் செய்யும், ஆனால் இரண்டாம் நாளும் முதல் நாள் அளவுக்கே வலிக்கும் என்பதால் மறுநாள் வந்து பஞ்ச் வைக்க அவருக்குக் காரணம் இருக்கும்.

முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிய ஈ.எல்.-ஐயும், ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி சான்று உள்ள நாளையும் வராத நாளாக எண்ண வேண்டாம். பே ஸ்லிப்பில் போனஸ் வரிக்குப் பக்கத்தில் எத்தனை நாள், ஏன் குறைந்தது என்று எழுதுங்கள். இப்போது பூஜ்யம் மட்டுமே இருக்கிறது. ஏன் என்று கேட்கப் போனால் டைம் ஆபீஸ் ஹெச்.ஆரைக் காட்டுகிறது, ஹெச்.ஆர். டைம் ஆபீஸைக் காட்டுகிறது.

உங்கள் பதிலை நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டுங்கள். அடுத்த சம்பளத்துக்கு முன் பேச அழைத்தால் மூன்று ஷிஃப்டிலிருந்தும் ஆட்கள் வரத் தயார், அந்த நேரத்தை எல்.ஓ.பி.யில் சேர்க்காமல் இருந்தால்.

இப்படிக்கு,
உற்பத்திப் பிரிவுத் தொழிலாளர்கள்