யூனிஃபார்ம் துணிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் வணக்கம்.

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் என் மேஜையில் ஏறுவது பெரும்பாலும் உங்கள் பிள்ளைகளின் சட்டை, பினாஃபோர், பேண்ட் துணிகள்தான். அடுத்த ஜூனுக்கான துணியை இப்போது பேசி முடிக்கப் போகிறீர்கள். கீழே இருந்து வியாபாரி சாம்பிள் புத்தகத்தோடு வருவார், கமிட்டியில் நாலு பேர் தடவிப் பார்ப்பீர்கள், நிறமும் விலையும் பிடித்திருந்தால் சரி என்று முடிந்துவிடும். தடவிப் பார்த்துத் தெரிகிற விஷயம் அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் இந்த மடல்.

போன வருஷம் ஒரு பள்ளி மெரூன் நிறத்தில் காட்டன் டிரில் எடுத்தது. உள்ளே வெள்ளைச் சட்டை, மேலே பினாஃபோர், அதற்கும் மேலே ஸ்வெட்டர். ஜூலையில் சாரல் பிடித்ததும் அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். சட்டைக் காலருக்குக் கீழேயும் அக்குளிலும் ரோஸ் நிறக் கறை. துவைக்கும்போது சேர்த்துப் போட்டிருப்பீர்கள் என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்களாம். ஆனால் கறை பட்ட இடத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தது. வாளியில் ஏறிய சாயம் சட்டை முழுக்கப் பரவியிருக்கும். இது பினாஃபோரின் தோள்பட்டியும் கைத்துளை ஓரமும் அழுந்துகிற இடங்களில் மட்டும் பட்டையாக இருந்தது. காலையில் நனைந்து வந்த துணி ஸ்வெட்டருக்குள்ளே உடம்புச் சூட்டில் சாயங்காலம் வரை அழுந்திக் கிடக்கிறது, சாயம் அப்படியே பக்கத்துத் துணிக்கு நகர்கிறது.

சாயம் ஈரத்துக்கு நிற்குமா என்று பார்க்க ISO 105-E01 என்று ஒரு சோதனை உண்டு. சாயத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்து, பாரம் வைத்து அழுத்தி, 37 டிகிரி சூட்டில் 4 மணி நேரம் வைப்பார்கள். நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் கிட்டத்தட்ட அதேதான். வியாபாரி காட்டுகிற ரிப்போர்ட்டில் துவைப்புக்கு மட்டும் மதிப்பெண் இருந்தால் போதாது, ஈரத்துக்கு என்ன என்று கேளுங்கள். மதிப்பெண் 1 முதல் 5 வரை, 5 என்றால் கறையே இல்லை. 4-க்குக் கீழே உள்ள துணியை வெள்ளைச் சட்டைக்கு மேலே போட எடுக்காதீர்கள். ரிப்போர்ட் இல்லை என்றால் கோயம்புத்தூரில் சிட்ரா போன்ற துணிச் சோதனைக் கூடங்களில் கொடுத்துப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். பினாஃபோர் துணியில் உள்ளங்கை அளவு ஒன்று, அதே அளவில் நீங்கள் தேர்ந்தெடுத்த சட்டைத் துணி ஒன்று, வெள்ளைக் காட்டன் ஒன்று. சாயத் துணியை நடுவில் வைத்து மூன்றையும் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி ராத்திரி முழுக்க அடுப்பங்கரை ஓரமாக விட்டுவிடுங்கள். காலையில் பிரித்து, காய வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைத் துணியையும் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காட்டனில் போடுகிற சாயம் வேறு, பாலியஸ்டரில் போடுகிற சாயம் வேறு. காட்டனில் கறை ஏற்றாத சாயம் பாலியஸ்டர் கலந்த டெர்ரி காட்டன் சட்டையில் ஏற்றலாம், மாறியும் நடக்கலாம்.

இனி துணி சுருங்குகிற விஷயம். அதே டிரில் துணி இங்கேயும் சொதப்பியது. நெய்யும்போதும் பதப்படுத்தும்போதும் நூலை நீளவாக்கில் இழுத்துத்தான் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் பட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்பும். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் பக்கம்தான் பொதுவாக அதிகம் சுருங்கும், குறுக்கே ஓடுகிற ஊடை பக்கம் குறைவு. நம் வீடுகளில் குளிருக்குச் சுடுதண்ணீரில் துவைக்கிறோம், அதில் காட்டன் இன்னும் இழுத்துக்கொள்ளும். சான்ஃபரைஸ் செய்த துணி என்றால் முன்கூட்டியே சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அதில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் போகும். ஆனால் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்.

ஒரு மீட்டர் துண்டு வாங்குங்கள். கரையை ஒட்டாமல், நடுவில் 20 இன்ச்சுக்கு 20 இன்ச் சதுரத்தை நூலால் குத்தி அடையாளம் வையுங்கள், பேனா மை வேண்டாம், போய்விடும். எது நீளவாக்கு என்று ஒரு அம்புக்குறியும் தைத்துவிடுங்கள். வீட்டில் துவைக்கிற அதே சுடுதண்ணீர், அதே சோப்பு, மூன்று தடவை. முதல் துவையலோடு சுருக்கம் முடிந்துவிடாது என்பதால்தான் மூன்று. ஒவ்வொரு தடவையும் இழுக்காமல் விரித்துக் காய வைத்து, கடைசியில் அளந்து பாருங்கள். 20 இன்ச் 19 ஆகியிருந்தால் 5 சதவீதம். 32 இன்ச் பினாஃபோரில் அது ஒன்றரை இன்ச்சுக்கு மேல். பிள்ளை வளர்வதற்காக நான் உள்ளே மடித்து விடுகிற மூன்று இன்ச்சில் பாதியை மழைக்காலம் முடிவதற்குள்ளேயே துணி தின்றுவிடும். 12 இன்ச் காலரில் அரை இன்ச்சுக்கு மேல் போகும், மேல் பட்டன் பூட்டாது. 2 சதவீதத்துக்கு மேல் போகிற துணியை நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

துவைக்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கித் தேயுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள், அந்த விறைப்பு ரெண்டு துவையலோடு போய்விடும்.

நெசவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பினாஃபோருக்கும் பேண்ட்டுக்கும் ட்வில் எடுங்கள், வெளிச்சத்தில் பார்த்தால் சாய்வுக் கோடு தெரியும். ஒரு நூல் இரண்டு மூன்று நூலுக்கு மேலே தாண்டிப் போவதால் நெருக்கமாக அடித்து நெய்யலாம், முட்டியும் உட்காருகிற இடமும் சீக்கிரம் தேயாது, கசங்கலும் குறைவு. சட்டைக்கு ஒன்று மேலே ஒன்று கீழே போகிற சாதா நெசவு, பாப்ளின் வகை, மெல்லிசு, சீக்கிரம் காயும். நூல் விஷயத்தில் நம் மலைக்கு நான் சொல்வது சட்டைக்கு டெர்ரி காட்டன், பினாஃபோருக்கு பாலியஸ்டர் விஸ்கோஸ் ட்வில். காட்டன் உடம்புக்கு நல்லது என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். கீழே ஈரோட்டு வெயிலுக்கு நானும் அதையே சொல்வேன். இங்கே மழை மாதத்தில் முழுக் காட்டன் இரண்டு நாள் ஆனாலும் காயாது, இரண்டே செட் வைத்திருக்கிற எஸ்டேட் வீட்டுப் பிள்ளை ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு வரும். தோல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு மட்டும் சான்ஃபரைஸ் செய்த காட்டனை அனுமதியுங்கள்.

கடைசியாக, சாம்பிள் தேறிவிட்டாலும் அதில் ஒரு துண்டை வெட்டி, வியாபாரியும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்ட அட்டையில் ஒட்டி வையுங்கள். சாயம் லாட்டுக்கு லாட் மாறும். மே மாதம் பேல் வந்து இறங்கும்போது ஒவ்வொரு லாட்டிலும் அரை மீட்டர் வெட்டி அந்தத் துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, தட்டு வைத்துச் செய்கிற சோதனையை மறுபடி செய்துவிட்டு, அப்புறம் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். கத்தரி போட்ட துணியை எந்த வியாபாரியும் திருப்பி எடுக்க மாட்டார். சோதனை செய்ய ஆள் இல்லை என்றால் துண்டுகளை என் கடைக்குக் கொடுத்து விடுங்கள், காசு வேண்டாம், ஒரு வாரத்தில் அளவோடு எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு தையல்காரர்