தங்கச்சிக்கு எழுதவிருக்கும் கடிதம் பற்றி

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது. வாவியில் தண்ணீர் ஏறுகிறது, வளவுக்குள் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மற்றப் புதினம் நேரில் பேசலாம். நீ கேட்டது பெரிய விசயம் என்றபடியால் அதற்கே வாறன்.

உனக்குக் கிடைத்திருக்கிற கொழும்பு வேலையைப் பற்றி உன் மனைவிக்கு, என் தங்கச்சிக்கு, எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். முதலில் ஒன்று: வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்னம் சொல். வைத்த பிறகு சொன்னால் அது அறிவித்தல், அவளுடைய பதிலுக்கு அங்கே இடமில்லை. பத்து நாள் தவணை கேட்டு வாங்கு, அந்தத் திகதியையும் அவளுக்குச் சொல். போனில் எழுதி அனுப்பாதே. பள்ளிக்கூட இடைவேளையில் அதை வாசித்துவிட்டு, பின்னேரம் வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். தாளில் எழுதி, சனிக்கிழமை பிள்ளைகள் படுத்த பிறகு கையில் கொடு. அன்றிரவே பதில் கேட்காதே.

எழுத முன்னம் காசுக் கணக்கைச் சரி பார். நீ அனுப்பிய எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். இப்போது சம்பளம் 85,000. சேமலாப நிதிக்கு உன் பங்கு 8 வீதம், 6,800 போக 78,200 கைக்கு வரும். அதில் உன் சாப்பாடு, மோட்டார் சைக்கிள் எண்ணெய் எல்லாம் 18,000. வீட்டுக்கு நிற்பது 60,200. கொழும்பில் 140,000; 11,200 கழித்தால் 128,800. மாதம் 150,000 தாண்டாதபடியால் வருமான வரி பிடிக்கமாட்டார்கள். வெள்ளவத்தை அறைக்கு 25,000, சாப்பாட்டுக்கு 30,000, உள்ளூர்ப் பயணம் 5,000, மாதம் இரண்டு தரம் ஊருக்கு வந்துபோக 10,000 என்று எழுதியிருந்தாய். மொத்தம் 70,000. வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது 58,800.

பார்த்தாயா, இப்போது கொடுப்பதைவிட 1,400 ரூபாய் குறைவு. அறைக்கு முற்பணம் கேட்பார்கள். அதை இதில் சேர்க்கவேயில்லை. ஆகவே "நம்மட குடும்பம் முன்னேறத்தான் போறன்" என்று எழுதினால் முதல் வருடத்துக்கு அது உண்மையில்லை. அவள் கணக்குத் தெரிந்தவள், இரண்டாம் மாதமே கண்டுபிடிப்பாள். உண்மையாகக் கூடுவது சேமலாப நிதி. உன் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து இப்போது 17,000 விழுகிறது, அங்கே 28,000 விழும். ஆனால் அது இன்று எடுத்துச் செலவழிக்கிற காசில்லை. மற்றது அந்தப் பதவி. பத்து வருடமாய் நீ ஆசைப்பட்ட வேலை அது. அதை ஆசை என்றே எழுது, அதற்குக் குடும்பத்தின் பெயரைப் பூசாதே. ஒரு மனுசனுக்குத் தன் வேலையில் ஆசை இருப்பது குற்றமில்லை. அதை மறைத்துச் சொல்வதுதான் பிறகு மனத்தாங்கலாய் முளைக்கிறது.

மறுகா, எல்லாரும் சேர்ந்து போவது பற்றி. "நீங்களும் வாங்க, பள்ளிக்கூடம் எடுக்கலாம்" என்று லேசாக எழுதிவிடாதே. அவள் கிழக்கு மாகாண ஆசிரியை. மேல் மாகாணத்துக்கு மாற்றம் என்றால் இரண்டு மாகாணமும் சம்மதிக்க வேண்டும். அவளுடைய இடத்துக்கு ஆள் வராமல் இங்கே விடுவிக்கமாட்டார்கள். வேலையை விட்டு வந்தால் ஓய்வூதியம் போய்விடும். சின்னவளுக்கு முதலாம் தரம் எடுக்க, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். அதற்குக் கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார்கள். உங்கள் பெயர் இருப்பது மட்டக்களப்பில். மூத்தவனுக்கு வருகிற வருடம் புலமைப்பரிசில். அந்த வருடம் பள்ளிக்கூடம் மாற்றுவது சரியில்லை. ஆகக் குறைந்தது இரண்டு வருடம் நீ தனியாகத்தான் இருப்பாய். அதை அப்படியே எழுது.

இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. எங்கட பக்கத்தில் கலியாணம் முடித்தவன்தான் பெண் வீட்டுக்குப் போறான். அந்த வீடும் வளவும் அவள் பெயரில் உறுதி எழுதினது. வேலிக்கு அங்கால் தாய், ஒழுங்கை முடிவில் தமக்கை. உனக்குக் கொழும்பு ஒரு வாடகை அறை. அவளுக்கோ, பின்னொரு நாள் வாறதென்றால், சொந்த வீட்டையும் தாயையும் விட்டு இன்னொருவர் வீட்டில் மாத வாடகைக்கு இருப்பது. இரண்டும் ஒன்றல்ல என்பது உனக்குத் தெரியும் என்று அவள் வாசிக்க வேண்டும்.

பயத்தை எழுதும்போது "பயமா இருக்கு" என்று நிறுத்தினால் அவள்தான் உன்னைத் தேற்ற வேண்டி வரும். எந்த மாதம், என்ன நடந்தால், என்ன செய்வாய் என்று எழுது. கார்த்திகை, மார்கழியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் பாதை அடைபட்டுப் போகும், ரயிலும் ஓடாது. இங்கே வளவுக்குள் தண்ணீர் வருகிற அதே நாளில்தான் நீ வர முடியாமல் நிற்பாய். அதுதான் உன் பெரிய பயம் என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைச் சுற்றி வளைத்திருந்தாய்.

தொடக்கத்துக்கு ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். உன் பேச்சுக்கு மாற்றிக்கொள்:

"கொழும்பில் ஒரு வேலை கிடைத்திருக்கு. இன்னும் ஓம் சொல்லவில்லை. வாற மாதம் 5ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேணும். எனக்கு அந்த வேலையில் ஆசை இருக்கு, அதை உன்னிடம் மறைக்கேல்ல. முதல் வருடம் வீட்டுக்கு வாற காசு கூடப்போறதில்ல, மாதம் 1,400 ரூபாய் குறையும். கணக்கைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கன். இரண்டு வருடத்துக்கு நீயும் பிள்ளைகளும் இங்கதான். மாதம் இரண்டு தரம் வருவன், ஞாயிறு இரவு ரயில் ஏறுவன். எனக்கு இரண்டு பயம். ஒன்று, மாரியில் தண்ணி வந்தால் நீ தனிய சாமான் தூக்க வேண்டி வரும். போக முன்னமே அரிசி, பத்திரங்கள் எல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றி வைப்பன். உன்ர அண்ணனிடமும் கதைப்பன். மற்றது, சின்னவள் என்னை விருந்தாளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவாளோ என்று. அதற்கு என்னிடம் வழி இல்ல. உனக்கு எது பயம் என்று எழுது."

அந்த இரண்டாவது பயத்துக்குக் கீழே தீர்வு எழுதாதே. உன்னிடம் இல்லாததை இருப்பதுபோல் எழுதினால் மற்றதையும் நம்பமாட்டாள். "நீ வேண்டாம் என்றால் போகமாட்டன்" என்ற வரியை வேணுமென்றுதான் விட்டேன். உண்மையில் போகாமல் இருக்க உனக்கு மனம் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள். இல்லாவிட்டால், ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிற நாளைக் குறித்து, அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து திரும்பவும் முடிவெடுப்போம் என்று எழுது. அந்த நாளில் என்ன பார்ப்பீர்கள் என்பதையும் எழுது: மாதம் இரண்டு பயணம் உண்மையாக நடந்ததா, மூத்தவனின் படிப்பு எப்படி, அவளுக்கு நித்திரை இருக்கிறதா.

அவள் ஒரு கிழமை ஒன்றும் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுக்காதே. தாயோடும் தமக்கையோடும் கதைத்துவிட்டுத்தான் சொல்வாள். அது அவளுடைய உரிமை. தேதி நெருங்கினால் கம்பனியிடம் இன்னும் மூன்று நாள் கேள்.

எழுதி முடித்ததும் கொடுக்க முன்னம் எனக்கு ஒருக்கா வாசித்துக் காட்டு. செவ்வாய் பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்