காக்கேசியர் என்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்பைரோமெட்ரி கட்டுரை பயனுள்ளது. நுரையீரல் சோதனைக்குப் போகும் எவரும் படிக்கலாம். ஆனால் அந்தச் சோதனைப் படிவத்தில் வரும் 'காக்கேசியன்' என்ற சொல்லுக்கு 'வெள்ளையருக்கான அறிவியல் பெயர்' என்று கட்டுரையாளர் விளக்கம் தந்திருக்கிறார். அந்தச் சொல் பிறந்த கதையில் அறிவியல் குறைவு.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கிறிஸ்டோஃப் மைனர்ஸ் என்ற பேராசிரியர் 1785இல் இந்தப் பெயரைக் கையாண்டார். அவருக்கு மனிதர்களில் அழகானவர்கள் ஒரு பக்கம், அழகற்றவர்கள் மறுபக்கம்; அவ்வளவுதான் பகுப்பு. அதே ஊரில் இருந்த உடற்கூறு அறிஞர் ப்ளூமன்பாக் 1795இல் மனித இன வகைகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது.

ப்ளூமன்பாக்கிடம் பெரிய மண்டையோட்டுச் சேகரிப்பு இருந்தது. ரஷ்யாவில் பணியாற்றிய வான் ஆஷ் என்ற மருத்துவர் 1793இல் அவருக்கு ஒரு மண்டையோட்டை அனுப்பினார். அது காக்கசஸ் மலையை ஒட்டிய ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுடையது. போரில் சிறைபிடிக்கப்பட்டு மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே இறந்துபோனவள். தம்மிடம் இருப்பதிலேயே அழகானது அதுதான் என்று ப்ளூமன்பாக்குக்குப் பட்டது. மனிதகுலமே காக்கசஸ் மலைப்பக்கம்தான் தோன்றியிருக்கும் என்றும் ஊகித்தார். இந்த இரண்டையும் வைத்து ஐரோப்பியர், மேற்கு ஆசியர், வட ஆப்பிரிக்கர் என்று கங்கைக்கரை வரை உள்ளவர்களுக்கெல்லாம் அந்த மலையின் பெயரைச் சூட்டிவிட்டார். பாவம், இனங்களுக்கு நடுவே கோடு கிழிக்க முடியாது, ஒன்று இன்னொன்றில் கரைந்துபோகிறது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கங்கை வரை என்றால் நம் ஆட்களும் உண்டே? அதைத்தான் பகத் சிங் திந்த் கேட்டார். பஞ்சாபில் பிறந்த சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அன்றைய சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் அமெரிக்கக் குடியுரிமை. 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியரின் மனுவைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று சொன்னது. சரி, மானிடவியல் நூல்கள் என்னைக் காக்கேசியன் என்கின்றனவே என்று திந்த் தரப்பு வாதிட்டது. (தான் உயர்சாதி என்பதையும் அதே வழக்கில் வாதமாக வைத்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.) மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், தீர்ப்பு திரும்பியது. நூல்கள் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர் என்றது நீதிமன்றம். இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட். அதன் பிறகு ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

ரஷ்யாவில் வேறு கூத்து. அங்கே 'காக்கசஸ்காரர்' என்றால் ஜார்ஜியர், செச்சென்யர் போன்ற மலைப்பகுதி மக்கள். தெருவில் அவர்களைக் 'கறுப்பர்' என்று ஏசுகிறவர்களும் உண்டு.

இனி ஸ்பைரோமெட்ரிக்கு வருவோம். வயது, உயரம், பாலினம், இனம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஒருவர் எவ்வளவு காற்றை ஊத வேண்டும் என்று கருவி கணக்குப் போட்டுச் சொல்கிறது. நம் நாட்டில் பல ஆய்வகங்களில் 'காக்கேசியன்' என்று தேர்ந்தெடுத்து, அப்புறம் கருவி சொல்லும் அளவில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஒருவர் 4 லிட்டர் ஊத வேண்டும் என்று கருவி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் ஊதியது 3.1 லிட்டர். அப்படியானால் 77.5 சதவீதம். எண்பதுக்குக் கீழே போனதால் குறைபாடு என்று எழுதிவிடுவார்கள். பத்து சதவீதம் குறைத்தால் எதிர்பார்ப்பு 3.6 லிட்டராகிவிடும், அதே மூச்சு 86 சதவீதம், நார்மல். நுரையீரலில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது மெனுவில் தட்டிய ஒரு பொத்தான். தப்பு எந்தப் பக்கமும் நடக்கலாம். நோயில்லாதவருக்கு நோய் என்று வரலாம், உண்மையான குறைபாடு தள்ளுபடிக்குள் மறைந்தும் போகலாம்.

இந்தக் கணக்கைப் போட, இனத்தைக் கேட்காத உலகப் பொதுச் சமன்பாடு 2022இல் வெளிவந்தது. அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி என்ற மார்பு நோய் மருத்துவச் சங்கம் 2023இல் அதையே பரிந்துரைத்தது. இந்தியர்களை அளந்து உருவாக்கிய சமன்பாடுகளும் இருக்கின்றன. எந்தச் சமன்பாடு, எத்தனை சதவீதத் திருத்தம் என்பது பெரும்பாலும் அறிக்கையிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். அடுத்த இதழில் ஒரு மாதிரி அறிக்கையை அச்சிட்டு அந்த வரியைக் காட்டுங்கள். வெள்ளையரைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் வெள்ளையர் என்றே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி